‘முழுமையாக நம்புகிறேன்’ என்று எழுதினால் டிரஸ்ட் ஆகிவிடுமா?

கேள்வி: அப்பா தங்கச்சிமடத்தில் விசைப்படகு வைத்துத் தொழில் செய்தவர். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருந்தபோது உயில் எழுதினார். தை மாதம் இறந்துவிட்டார். எல்லாமே அவருடைய சுயசம்பாத்தியம். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட அந்த உயிலில் மூன்றே பத்திகள். முதலாவது: “வீட்டையும் படகையும் மூத்த மகனுக்கு விட்டுச் செல்கிறேன், தங்கைகளிடம் நியாயமாக நடந்துகொள்வான் என்று முழுமையாக நம்புகிறேன்.” இரண்டாவது: “சாயல்குடிப் பனங்காட்டையும் அவனுக்கே விடுகிறேன், அதில் வரும் வருமானத்தில் பெரும்பகுதியை இளைய மகளின் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.” மூன்றாவது: “வங்கியில் உள்ள 6 லட்ச ரூபாயை அவன் பொறுப்பில் வைத்திருந்து, தனக்கென ஒரு ரூபாயும் எடுக்காமல், நம் சொந்தத்தில் தகுதியானவர்கள் என்று அவன் நினைக்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.” இது போக, 5 பவுன் சங்கிலி ஒன்றை அண்ணியிடம் கொடுத்து, “இது பெரிய பேத்திக்கு, அவள் கல்யாணம் வரை நீ வைத்திரு” என்று அம்மா முன்னால் சொன்னார். பெரிய பேத்தி என் மகள். அதற்கு எழுத்து ஏதும் இல்லை. எல்லாம் தன்னுடையது, கொடுப்பதும் கொடுக்காததும் தன் இஷ்டம் என்கிறார் அண்ணன். அவர் டிரஸ்டி இல்லையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தந்தை விட்டுச் சென்ற நான்கு வகைச் சொத்துகளுக்கும் சட்டம் ஒரே விடையைச் சொல்லாது. வீடும் படகும் உங்கள் அண்ணனுக்கே முழு உரிமையாகச் சேரும் என்பது என் கருத்து. பனங்காட்டிலும் அவர் பக்கமே பலமாக இருக்கிறது. ஆனால் வங்கியில் உள்ள 6 லட்சம் அவருடையது அன்று. அவர் நினைத்தவருக்குக் கொடுக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. எழுத்தே இல்லாத சங்கிலிதான், சாட்சியம் நின்றால், இவை எல்லாவற்றிலும் உறுதியான டிரஸ்ட். சாட்சிக் கையெழுத்தோடு கூடிய உயிலில் உள்ளவை தோற்று, வீட்டுக் கூடத்தில் வாயால் சொன்னது நிற்பது எப்படி என்று உங்களுக்கு வியப்பாக இருக்கும். அந்த வியப்புக்கான காரணத்தை விளக்குவதே உங்கள் கேள்விக்கான பதில்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிரஸ்ட் என்றதும் நம் ஊரில் எல்லோரும் அறக்கட்டளை, அன்னதானம், பள்ளிக்கூடம் என்று போய்விடுகிறார்கள். சமய, அறக்கொடைக் கட்டளைகளுக்கு வேறு சட்டங்கள் உண்டு. உங்கள் குடும்ப விவகாரத்துக்குப் பொருந்துவது 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட்டுகள் சட்டம். அதன்படி டிரஸ்ட் என்பது சொத்தின் உரிமையோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு கடமை: சொத்து டிரஸ்டி என்ற ஒருவர் பெயரில் இருக்கும், அதன் பலன் பயனாளி என்ற இன்னொருவருக்குச் சேர வேண்டும். அந்தக் கடமை பிறந்ததா என்பதை 6-ஆம் பிரிவு தீர்மானிக்கிறது. சொத்துக்காரர் தம் சொல்லாலோ செயலாலோ, நியாயமான அளவு உறுதியுடன், டிரஸ்ட் ஏற்படுத்தும் எண்ணத்தையும், அதன் நோக்கத்தையும், பயனாளியையும், சொத்தையும் காட்டியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். எண்ணம், சொத்து, பயனாளி ஆகிய இந்த மூன்று உறுதிகளையும் 1840-இல் நைட் எதிர் நைட் என்ற இங்கிலாந்து வழக்கில் லாங்டேல் பிரபு சேர்த்துச் சொன்னார். நம் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அதே வழியில்தான் போகிறது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் டிரஸ்ட் இல்லை. ஆனால் எது இல்லை என்பதைப் பொறுத்துச் சொத்து போய்ச் சேரும் இடம் மாறுகிறது. உங்கள் வழக்கின் உயிர்நாடியே அதுதான். அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

வீடு, படகு பற்றிய பத்தியை எடுத்துக்கொள்வோம். இதில் சொத்து தெளிவு, தங்கைகள் யார் என்பதும் தெளிவு. சந்தேகம் எண்ணத்தில்தான். “விட்டுச் செல்கிறேன்” என்று உங்கள் தந்தை முதலில் முழுமையாகக் கொடுத்துவிட்டார். பிறகு சேர்த்த வாக்கியம் அண்ணனுக்கு இட்ட கட்டளையா, அல்லது பிள்ளைமேல் ஒரு தகப்பன் வைத்த நம்பிக்கையை வெளிப்படுத்தும் பேச்சா? ‘நம்புகிறேன்’, ‘விரும்புகிறேன்’, ‘கேட்டுக்கொள்கிறேன்’ போன்ற சொற்கள் மனச்சாட்சிக்கு முன் வைக்கப்படுபவை. நீதிமன்றத்துக்கு வேண்டியது, மீறினால் வழக்குப் போடக்கூடிய கடமை. சொத்து கொடுத்தவர் அத்தகைய கடமையை உண்டாக்க நினைத்தாரா என்பதை உயில் முழுவதையும் சேர்த்துப் படித்தே நீதிபதி முடிவு செய்வார். ‘டிரஸ்ட்’ என்ற சொல்லே வர வேண்டும் என்பதும் இல்லை, ‘நம்பிக்கை’ என்ற சொல் வந்துவிட்டால் போதும் என்பதும் இல்லை.

இதில் உங்கள் பத்தியோடு மிக நெருங்கி நிற்கும் தீர்ப்பு ஒன்று உண்டு. அன்று நம் வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்கு இந்தியாவிலிருந்து போன முசூரி பாங்க் எதிர் ரெய்னர் என்ற வழக்கு அது. கணவர் தம் சொத்து முழுவதையும் மனைவிக்கு எழுதிவைத்து, அவளுக்கு இனி வேண்டாம் என்று ஆகும்போது அதைப் பிள்ளைகளுக்கு நியாயமாகப் பிரித்துக் கொடுப்பாள் என்று தாம் நம்புவதாகச் சேர்த்திருந்தார். மனைவி டிரஸ்டி அல்ல, முழு உரிமையாளர் என்று 1882-இல் பிரிவி கவுன்சில் முடிவு செய்தது. காரணத்தை நீங்களே பார்க்கலாம். ‘நியாயமாக’ என்றால் சரிபாதியா, தேவைக்கு ஏற்பவா என்று சொல்லப்படவில்லை. ‘வேண்டாம் என்று ஆகும்போது’ என்றால் அதுவரை எவ்வளவு வேண்டுமானாலும் அவர் செலவழிக்கலாம் என்றாகிறது. கொடுக்கும்போதே இவ்வளவு இடம் விட்டுக் கொடுத்தவர், கையைக் கட்டிப்போடும் கடமையை விதித்தார் என்று சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அதே 1882-இல் வந்த டிரஸ்ட்டுகள் சட்டம், 6-ஆம் பிரிவின் கீழ்த் தந்திருக்கும் முதல் எடுத்துக்காட்டில் ‘நம்பிக்கை’ என்ற சொல்லைக் கொண்டே டிரஸ்ட் பிறக்கிறது என்கிறது. ஒருவர் குறிப்பிட்ட சொத்தை இரண்டாமவருக்கு உயில் எழுதி, அதை மூன்றாமவரின் நன்மைக்காகவே அவர் பயன்படுத்துவார் என்ற முழு நம்பிக்கையுடன் கொடுப்பதாகச் சொன்னால் அது டிரஸ்ட். உங்கள் வழக்கறிஞர் இந்த எடுத்துக்காட்டைத்தான் முதலில் எடுத்து வைப்பார், வைக்கவும் வேண்டும். ஆனால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. அந்த எடுத்துக்காட்டில் சொத்தை இன்னாருக்காகச் செலவிட வேண்டும் என்பது நம்பிக்கையின் உள்ளடக்கம். வாங்கியவருக்கென்று எதுவும் மிஞ்சுவதில்லை. உங்கள் தந்தை நம்பியதோ அண்ணன் நியாயமாக ‘நடந்துகொள்வான்’ என்று மட்டுமே. வீட்டை என்ன செய்ய வேண்டும், படகில் வரும் பங்கை யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை. விற்கலாமா, அண்ணன் குடியிருக்கலாமா, தங்கைகளுக்கு அறை உண்டா என்ற கேள்விகளில் ஒன்றுக்கும் அந்த வாக்கியத்திலிருந்து விடை எடுக்க முடியாது. எனவே ரெய்னர் வழக்கின் பக்கமே தராசு சாய்கிறது. எண்ணத்தின் உறுதி இல்லாதபோது விளைவு கடுமையானது: டிரஸ்ட் மட்டும் உதிர்ந்துவிடும், கொடை நிற்கும். அண்ணன் வீட்டையும் படகையும் எந்தப் பாரமும் இல்லாமல் எடுத்துக்கொள்வார்.

இங்கே இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும், ஏனெனில் கடற்கரை ஊர்களின் உயில்களில் இது அடிக்கடி வருகிறது. “படகை எடுத்துக்கொள், ஆனால் அதன்மேல் உள்ள கடனை அடைத்து, தங்கைக்கு ஒரு லட்சம் கொடு” என்று எழுதினால், அது பெரும்பாலும் நிபந்தனையோடு கூடிய கொடைதான், கடன்காரருக்காகவோ தங்கைக்காகவோ ஏற்பட்ட டிரஸ்ட் அன்று என்பதற்கும் அதே 6-ஆம் பிரிவில் எடுத்துக்காட்டு இருக்கிறது: கடையையும் சரக்கையும் பெறுபவர் கடன்களையும் ஒரு கொடைத் தொகையையும் செலுத்த வேண்டும் என்ற உயில் அது. உங்கள் உயிலில் அப்படிப்பட்ட நிபந்தனையும் இல்லை என்பதால் இதை இத்துடன் விடுகிறேன்.

பனங்காட்டுப் பத்தியில் நிலைமை தலைகீழ். “கொடுக்க வேண்டும்” என்பது கட்டளை. எண்ணத்தில் குறை சொல்ல முடியாது. இளைய மகளின் பிள்ளைகள் என்றால் பெயர் சொல்லி எண்ணிவிடலாம். உடைவது சொத்தில். ‘பெரும்பகுதி’ என்பது எவ்வளவு? பாதிக்கு மேல் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அப்படித்தான் புரிந்துகொள்வேன். ஆனால் பாதிக்கு ஒரு ரூபாய் மேலா, முக்காலா, பத்தில் ஒன்பதா? பனையேறி கிடைத்த ஆண்டில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டியாக்கிய வருமானம் ஒன்று. ஆள் கிடைக்காமல் ஓலையையும் நுங்கையும் மட்டும் விற்ற ஆண்டின் வருமானம் வேறு. ஏதோ ஓர் ஆண்டில் காட்டில் 80,000 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு 41,000 கொடுத்தாலும் அண்ணன் ‘பெரும்பகுதி’ கொடுத்தவர்தான். 72,000 கொடுத்தாலும் அப்படித்தான். இரண்டுக்கும் இடையிலுள்ள 31,000 ரூபாய் யாருடையது என்று நீதிமன்றம் எதை வைத்துச் சொல்லும்? எந்தத் தொகையைத் தவறவிட்டால் டிரஸ்டி கடமை தவறினார் என்று சொல்ல முடியாதோ, அந்தத் தொகைக்கு டிரஸ்ட் இல்லை. சொத்தின் பெரும்பகுதியை இன்னாருடைய பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னால் சொத்து போதிய உறுதியுடன் காட்டப்படவில்லை, ஆகவே டிரஸ்ட் இல்லை என்று 6-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்று நேராகவே சொல்லிவிட்டது. 1854-இல் இங்கிலாந்தில் பாமர் எதிர் சிம்மண்ட்ஸ் வழக்கிலும் இதே கதிதான்.

அப்பா எழுதி வைத்த வரவு செலவு நோட்டு இருக்கிறது, அதைக் கொண்டு அவர் மனத்தில் இருந்த கணக்கைக் காட்டலாமே என்று கேட்கத் தோன்றும். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. உயிலின் முகப்பிலேயே தெரியும் குழப்பத்தையோ குறையையோ வெளிச் சாட்சியம் கொண்டு நிரப்ப அது அனுமதிப்பதில்லை. ‘சாயல்குடிப் பனங்காடு’ என்ற பெயரில் அவருக்கு இரண்டு காடுகள் இருந்து, எது என்று சந்தேகம் வந்திருந்தால் நோட்டு உதவியிருக்கும்; அது மறைந்திருக்கும் குழப்பம், அதற்கு 80-ஆம் பிரிவு வழிவிடுகிறது. ‘பெரும்பகுதி’ என்ற சொல் அப்படியன்று. எல்லாச் சொத்துச் சொற்களும் இப்படி உடைவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘நியாயமான வருமானம்’ என்ற சொல் 1965-இல் கோலே உயில் வழக்கில் செல்லும் என்று தீர்ப்பாயிற்று, ஏனெனில் பயனாளியின் வாழ்க்கைத் தரத்தை வைத்து எது நியாயம் என்று நீதிமன்றத்தால் அளக்க முடியும். ‘பெரும்பகுதி’க்கு அப்படி ஓர் அளவுகோல் இல்லை. உங்கள் தந்தை ‘முக்கால் பங்கு’ என்று மட்டும் எழுதியிருந்தால், இந்தப் பத்தியை நான் இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

பங்குக்கும் அளவுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நான் கற்றது ஒரு முண்டு மிளகாய் வியாபாரியிடம். தம் கிடங்கில் இருந்த 200 மூட்டையில் 50 மூட்டையை விதவைத் தங்கைக்காகத் தாம் வைத்திருப்பதாக அவர் தாளில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். தொழில் நொடித்துக் கடன்காரர்கள் கிடங்கை வந்து பார்த்தபோது, எந்த 50 என்று காட்ட ஒரு மூட்டையிலும் அடையாளம் இல்லை; தனியாக அடுக்கவும் இல்லை. தாள் பயன்படவில்லை. ஐம்பதைச் சுவரோரம் தனியே அடுக்கி ஒரு சாயம் பூசியிருந்தாலும் சரி, ‘இந்த 200 மூட்டையில் நான்கில் ஒரு பங்கு’ என்று எழுதியிருந்தாலும் சரி, சொத்து எது என்ற கேள்வியே எழுந்திருக்காது.

நம் ஊர் உயில்களில் இதைவிடப் பரவலான வழு, “என் மனைவி அனுபவித்து மீதி இருப்பதை என் மகளுக்கு” என்பது. மனைவிக்கு ஆயுள் உரிமை மட்டுமே, விற்கக் கூடாது என்று தெளிவாக எழுதினால் மீதி என்ன என்பது தெளிவு. விற்கும் அதிகாரத்தோடு கொடுத்துவிட்டு மீதியைப் பற்றிப் பேசினால், மீதி என்பது மனைவி இறக்கும் நாளில்தான் தெரியும்; உயில் நடைமுறைக்கு வரும் நாளில் டிரஸ்ட் சொத்து எது என்று சுட்ட முடியாது. 1789-இல் ஸ்ப்ரேஞ்ச் எதிர் பர்னார்ட் வழக்கில், கணவர் தம் தேவைக்கு வேண்டாமல் விட்டுவைக்கும் மிச்சத்தை உடன்பிறந்தாருக்குப் பிரிக்கச் சொன்ன மனைவியின் உயிலும் இப்படியே தோற்றது. கணவரே முழுவதையும் பெற்றார்.

பனங்காட்டிலும் விளைவு அதுவே. காடு முதலில் அண்ணனுக்கு முழுமையாகக் கொடுக்கப்பட்டுவிட்டது. அதன்மேல் ஒட்டவைத்த டிரஸ்ட் சொத்தின் உறுதி இன்மையால் உதிர்ந்துவிட்டால், காடு அவரிடமே தங்கும். உங்கள் தங்கைக்கு இதில் ஒரே ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது: வருமானத்தில் பாதி வரையாவது உறுதி என்று கொள்ள வேண்டும் என்பது. சட்டப் புத்தகத்தின் எடுத்துக்காட்டுக்கு எதிராக அந்த வாதத்தை வைத்து வழக்குச் செலவில் இறங்கும்படி நான் ஆலோசனை சொல்லமாட்டேன்.

வங்கிப் பணத்துக்கு வருவோம். இந்தப் பத்தியை எழுதியபோது உங்கள் தந்தை முன் இரண்டு பத்திகளைவிடக் கவனமாக இருந்திருக்கிறார். ‘பொறுப்பில் வைத்திருந்து’ என்கிறார். ‘தனக்கென ஒரு ரூபாயும் எடுக்காமல்’ என்கிறார். இதைவிடத் தெளிவாக ஒருவரை டிரஸ்டி ஆக்க முடியாது. 6 லட்சம் என்ற தொகையிலும் குழப்பம் இல்லை. ஆனால் வாங்க வேண்டியவர் யார்? ‘நம் சொந்தம்’ என்பதன் எல்லை எது? தங்கச்சிமடத்துப் பங்காளிகளோடு நிற்குமா, பாம்பனில் பெண் கொடுத்த சம்பந்திகள் வரை போகுமா, மூக்கையூரில் உள்ள அப்பாவின் அத்தை வழிப் பேரன்களும் சேர்த்தியா? அதன்மேல் ‘தகுதியானவர்கள் என்று அவன் நினைக்கிறவர்கள்’ என்ற சலுகை வேறு. ஒரு குடும்பத்தில் யார் மிகத் தகுதியானவர் என்று டிரஸ்டி நினைக்கிறாரோ அவர்களுக்குப் பிரிக்கச் சொன்னால் பயனாளி உறுதியாகக் காட்டப்படவில்லை என்று 6-ஆம் பிரிவின் மற்றோர் எடுத்துக்காட்டு சொல்கிறது. உங்கள் தந்தையின் வாக்கியம் ஏறக்குறைய அதன் அச்சுப்பிரதி. டிரஸ்டி தவறு செய்தால் யார் வந்து வழக்குப் போடுவது, வழக்கு வந்தால் நீதிமன்றம் யாருக்குப் பங்கிடுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இல்லாத இடத்தில் டிரஸ்ட் நடத்த முடியாது. இங்கிலாந்தில் 1970-இல் மக்ஃபெயில் எதிர் டௌல்டன் தீர்ப்பு, டிரஸ்டியின் விருப்புரிமைக்கு விடப்பட்ட டிரஸ்ட்டுகளில் இந்தக் கண்டிப்பைத் தளர்த்தி, எந்த ஒருவரைக் காட்டினாலும் அவர் அந்த வட்டத்துக்குள்ளா வெளியிலா என்று சொல்ல முடிந்தால் போதும் என்றது. அந்தத் தளர்வைக் கடன் வாங்கினாலும், நம் சட்டத்திலேயே அச்சாகியிருக்கும் எடுத்துக்காட்டைத் தாண்டிப் போவது எளிதன்று.

‘சொந்தம்’ என்பதற்குப் பதிலாகத் ‘தர்மத்துக்கு’ என்று எழுதியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அதுவும் பொறிதான். 1899-இல் ரஞ்சோர்தாஸ் எதிர் பார்வதிபாய் வழக்கில், ‘தர்மம்’ என்று மட்டும் எழுதிய கொடை, அந்தச் சொல் எதையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிந்தது என்பதால் உறுதியில்லாமல் செல்லாமற்போயிற்று. இன்ன கோயிலில் இன்ன கட்டளை, இன்ன பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இப்போதுதான் நான் முதலில் சொன்ன வேறுபாடு வேலை செய்கிறது. வீட்டிலும் காட்டிலும் உங்கள் தந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஏதோ சேர்த்தார். சேர்த்தது உதிர்ந்ததும் கொடை மிஞ்சியது. இங்கே அவர் அண்ணனுக்கு எதையும் கொடுக்கவில்லை, பொறுப்பைத்தான் கொடுத்தார். பயனாளி இல்லாமல் அந்தப் பொறுப்பை நிறைவேற்ற முடியவில்லை என்றால், வெறும் கையில் நிற்கும் டிரஸ்டி பணத்தைத் தனக்கு எடுத்துக்கொள்ள முடியாது. நிறைவேற்ற முடியாத டிரஸ்ட்டின் சொத்தை, அதை ஏற்படுத்தியவருக்காகவோ அவருடைய சட்டப் பிரதிநிதிகளுக்காகவோ டிரஸ்டி வைத்திருக்க வேண்டும் என்று டிரஸ்ட்டுகள் சட்டத்தின் 83-ஆம் பிரிவு கூறுகிறது. உங்கள் தந்தை இறந்துவிட்டதால், அந்த 6 லட்சம் உயிலில் சேராத சொத்தாகக் கருதப்பட்டு வாரிசுகளுக்குப் போகும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன் கீழ் முதல் வகுப்பு வாரிசுகளாக உங்கள் தாயார், அண்ணன், நீங்கள், தங்கை ஆகிய நால்வரும், இறந்துபோன பிள்ளை வழி வாரிசோ தந்தையின் தாயாரோ இல்லையென்றால், சமபங்கு பெறுவீர்கள்: ஆளுக்கு 1,50,000 ரூபாய். அண்ணனுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் வாரிசு என்ற முறையில், டிரஸ்டி என்ற முறையில் அன்று.

இதில் ஒரு கண்ணியை நீங்களே சரிபார்க்க வேண்டும். “மற்றும் எனக்குச் சொந்தமான ஏனைய சொத்துகள் அனைத்தும் மூத்த மகனுக்கே” என்பது போன்ற எச்சச் சொத்து வாக்கியம் உயிலில் எங்கேனும் இருக்கிறதா? இருந்தால் தோற்றுப்போன 6 லட்சமும் அதற்குள் விழுந்து அவரிடமே போய்விடும். மூன்றே பத்திகள் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இல்லை என்று எடுத்துக்கொண்டே மேலே சொன்னேன். வங்கியில் அண்ணன் நியமனதாரராக, அதாவது நாமினியாக, இருந்தால் அதைக் கண்டு தயங்க வேண்டாம். நியமனதாரர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கித் தரும் கையே ஒழிய, பணத்தின் சொந்தக்காரர் அல்லர்.

கடைசியாகச் சங்கிலி. அசையாச் சொத்தில் டிரஸ்ட் என்றால் டிரஸ்ட்டுகள் சட்டத்தின் 5-ஆம் பிரிவு எழுத்தையும் பதிவையும், அல்லது உயிலையும் கேட்கும். நகை அசையும் சொத்து. டிரஸ்டியிடம் அதை உரிமையோடு ஒப்படைத்துவிட்டாலே போதும், எழுத்து தேவையில்லை. “இது பெரிய பேத்திக்கு” என்றதில் பயனாளி ஒரே ஒருவர். ‘இது’ என்று கையில் எடுத்துக் கொடுத்த சங்கிலியைவிட உறுதியான சொத்து வேறு இல்லை. “அவள் கல்யாணம் வரை நீ வைத்திரு” என்றதில் அண்ணிக்கு அது சொந்தமில்லை, வைத்திருக்கும் கடமை மட்டும் உண்டு என்ற எண்ணம் தெரிகிறது. மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. பெரிய எழுத்தர்கள் எழுதும் பத்திரங்களிலும் இவ்வளவு சுருக்கமாக இவை அமைந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். மாமனார் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் கொடுத்தார், உரிமையை விடவில்லை, ஆகவே அது அவர் விட்டுச் சென்ற சொத்தில் சேரும் என்பார்கள். அல்லது அது அண்ணிக்கே கொடுத்த நகை என்பார்கள். முதலாவதை முறியடிப்பது “இது பேத்திக்கு” என்ற சொல். இரண்டாவதை முறியடிப்பது “வைத்திரு” என்ற சொல். இரண்டையும் நேரில் கேட்டவர் உங்கள் தாயார். அவர் நினைவு தெளிவாக இருக்கும்போதே, அன்று யார் யார் இருந்தார்கள், எந்த நாள், தந்தை சரியாக என்ன சொற்களைச் சொன்னார் என்பதை அவருடைய வாயிலிருந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சொற்களை எடுத்துக் கொடுக்காதீர்கள். நகை வாங்கிய ரசீதோ, குடும்ப விழாவில் சங்கிலி தெரியும் படமோ இருந்தால் சேர்த்து வைக்கவும். பிறகு அண்ணிக்கு ஒரு கடிதம் எழுதி, சங்கிலியை உங்கள் மகளுக்காக வைத்திருப்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ளும்படி கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டு எழுதிவிட்டால் வழக்கே வேண்டாம். மறுத்துப் பதில் எழுதினாலும், அந்த மறுப்பில் அவர் எந்தக் கதையைப் பிடித்துக்கொள்கிறார் என்பது உங்கள் கையில் இருக்கும்.

அலுவலகத்துக்கு வரும்போது உயிலின் சான்றிட்ட நகல், வைப்பு ரசீது, வாரிசுச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் கொண்டு வாருங்கள். வீட்டுக்கும் படகுக்கும் உரிய ஆவணங்களை இப்போது சுமந்து வர வேண்டியதில்லை. 6 லட்சத்துக்கான அறிவிப்பை முதலில் அனுப்புவோம்.